ஆர்டரில் 23,493, கையில் 17,958

“வேலைக்குச் சேரும்போது கொடுத்த ஆர்டரில் மாசம் 23,493 ரூபாய்னு போட்டிருக்கு சார். பேங்க்ல விழுந்தது 17,958-தான். மீதி 5,535 எங்கே போச்சு?”

சம்பளம் போட்ட மறுநாள் எந்தத் தொழிற்சாலையின் ஹெச்ஆர் அறை வாசலில் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும். தொகை மாறும், கேள்வி மாறாது. “பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் பிடிச்சிருக்கோம் தம்பி” என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். அது பொய்யில்லை. ஆனால் அந்த 5,535-க்கு அது முழுக் கணக்கும் ஆகாது. இந்த உதாரணத்தில் பிஎஃபும் இஎஸ்ஐயும் சேர்ந்தே 1,505 ரூபாய்தான். மிச்சம் வேறு இடங்களில் இருக்கிறது. அவற்றைக் கண்டுபிடிக்க, சம்பளச் சீட்டை எந்த வரிசையில் படிப்பது என்று தெரிந்தால் போதும்.

நாம் பார்க்கப்போவது 2025 ஜூன் மாதச் சீட்டு. கணக்கு புரிவதற்காக நானே அமைத்துக்கொண்டது. ஆனால் ஒரகடத்திலோ ஓசூரிலோ மாதம் இருபதாயிரத்தை ஒட்டி வாங்கும் ஒரு தொழிலாளியின் சீட்டு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். பேசிக்கும் டிஏவும் சேர்த்து 12,000. வீட்டு வாடகைப் படி 4,800. ஸ்பெஷல் அலவன்ஸ் 4,000. ஆக 20,800. இதுதான் அவருடைய முழு மாத கிராஸ் சம்பளம்.

அப்படியானால் ஆர்டரில் இருக்கும் 23,493 எங்கிருந்து வந்தது? அது சிடிசி. அவரை ஒரு மாதம் வேலையில் வைத்திருக்க நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. கிராஸ் 20,800-உடன் நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பிஎஃப் 1,440, இஎஸ்ஐ 676, பணிக்கொடைக்காக ஒதுக்கிவைக்கும் 577 ஆகியவற்றைக் கூட்டினால் 23,493 வரும். கூட்டிய இந்த 2,693 ரூபாய் எந்த மாதமும் அவர் வங்கிக் கணக்குக்கு வரப்போவதில்லை. பிடித்தம் செய்யப்பட்ட பணமும் அல்ல. அது சம்பளமாகத் தரப்படும் தொகைக்குள் இருந்ததே இல்லை. பணிக்கொடையோ பொதுவாக ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தால்தான் கிடைக்கும். காணாமல் போன 5,535-இல் ஏறத்தாழ பாதி இப்படி முதல் நாளே கணக்கை விட்டு வெளியே நிற்கிறது. வேலைக்குச் சேரும்போது “சிடிசி எவ்வளவு” என்று கேட்பதை விட “முழு மாத கிராஸ் எவ்வளவு” என்று கேட்பதுதான் பயன் தரும்.

இனி சீட்டுக்கு வருவோம். பெரும்பாலோர் முதலில் அடியில் இருக்கும் நெட் தொகையைப் பார்ப்பார்கள், பிறகு வலப்பக்கப் பிடித்தப் பத்தியைப் பார்ப்பார்கள், அதோடு மடித்து வைத்துவிடுவார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது தலைப்பகுதியில் பெயருக்கும் வங்கிக் கணக்கு எண்ணுக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நாள் கணக்கை. மாத நாட்கள் 30, சம்பள நாட்கள் 28, எல்ஓபி 2 என்று அங்கே இருக்கும். எல்ஓபி என்றால் சம்பளமில்லா விடுப்பு. சீட்டில் உள்ள தொகைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. இங்கே ஒரு நாள் தப்பாகப் பதிவாகியிருந்தால் கீழே கூட்டலும் கழித்தலும் எவ்வளவு சரியாக இருந்தாலும் கிடைக்கும் தொகை தப்புத்தான்.

தப்பு எப்படி வரும்? விடுப்புக் கணக்கில் இருப்பு இருந்தும், மேற்பார்வையாளர் அனுமதி பதிவாகாததால் அந்த நாள் எல்ஓபி ஆகியிருக்கலாம். பயோமெட்ரிக்கில் உள்ளே வந்த நேரம் பதிவாகி, வெளியே போன நேரம் விடுபட்டிருக்கலாம். சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் விடுப்பு எடுத்தவருக்கு நடுவில் வந்த ஞாயிறையும் சில நிறுவனங்கள் சேர்த்து எண்ணிவிடும். அது அந்த நிறுவனத்தின் விடுப்பு விதியில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஆகவே எந்தெந்தத் தேதியில் வேலைக்குப் போகவில்லை என்பதை ஒரு காலண்டரில் குறித்து வைத்திருந்தால், பேச்சு இரண்டே நிமிடத்தில் முடியும்.

நம் சீட்டில் இரண்டு நாள் எல்ஓபி சரிதான் என்று வைத்துக்கொள்வோம். நல்ல சீட்டு என்றால் வருமானப் பகுதியில் இரண்டு பத்திகள் இருக்கும். ஒன்றில் முழு மாத விகிதம், இன்னொன்றில் இந்த மாதம் உண்மையில் ஈட்டியது. 12,000-ஐ 30-ஆல் வகுத்து 28-ஆல் பெருக்க 11,200. அதே கணக்கில் வீட்டு வாடகைப் படி 4,480, ஸ்பெஷல் அலவன்ஸ் 3,733. மொத்தம் 19,413. இரண்டு நாள் போகாததற்கு 1,387 ரூபாய் குறைந்திருக்கிறது. இந்த 1,387 பிடித்தப் பத்தியில் எங்கும் தென்படாது. கிராஸிலேயே குறைந்துவிட்டதால், வலப்பக்கம் மட்டும் பார்ப்பவர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்.

அந்த மாதம் பத்து மணி நேரம் ஓடி பார்த்திருக்கிறார். சட்டப்படி ஓடிக்குச் சாதாரண விகிதத்தைப் போல இரு மடங்கு தர வேண்டும். 20,800-ஐ 26 வேலை நாளாலும் எட்டு மணி நேரத்தாலும் வகுத்தால் மணிக்கு 100 ரூபாய். இரு மடங்கு 200. பத்து மணிக்கு 2,000. ஆக அந்த மாத கிராஸ் 21,413.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எல்ஓபிக்கு 30-ஆல் வகுத்தோம், ஓடிக்கு 26-ஆல் வகுத்தோம். ஏன்? மாதச் சம்பளம் ஞாயிறு உட்பட எல்லா நாளுக்கும் சேர்த்தே தரப்படுகிறது என்று கொண்டால் எல்ஓபிக்கு 30. ஆனால் மணிக்கு என்ன கூலி என்று பார்க்கும்போது உண்மையில் வேலை செய்யும் நாள் 26 என்பதால் ஓடிக்கு 26. இப்படி இருந்தால் தொழிலாளிக்கு நியாயம். சில இடங்களில் இதைத் தலைகீழாகப் போடுவார்கள். எல்ஓபிக்கு 26-ஆல் வகுத்தால் இரண்டு நாளுக்கு 1,600 போய்விடும். ஓடிக்கு 30-ஆல் வகுத்தால் பத்து மணிக்கு 1,733-தான் வரும். இரண்டும் சேர்ந்து அந்த ஒரு மாதத்தில் மட்டும் 480 ரூபாய் நஷ்டம். சீட்டில் எந்த வரியும் பொய்யாக இராது. வகுத்த எண் மட்டுமே மாறியிருக்கும். “எத்தனையால் வகுத்தீர்கள்?” என்று கேட்டால்தான் வெளியே வரும். இரண்டுக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்தினால் அதையாவது கொள்கை என்று சொல்லலாம். எது பிடித்தமோ அதற்குச் சிறிய எண், எது வரவோ அதற்குப் பெரிய எண் என்றால் அதை ஏற்றுக்கொள்ளக் கூடாது.

இனிப் பிடித்தங்கள். இங்கே ஒன்றை மனதில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும். எல்லாப் பிடித்தமும் ஒரே தொகையின் மேல் கணக்கிடப்படுவதில்லை. எத்தனை சதவீதம் என்பதோடு, எதன் மேல் சதவீதம் என்றும் பார்க்க வேண்டும்.

பிஎஃப் 12 சதவீதம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது கிராஸின் மேல் அல்ல. வீட்டு வாடகைப் படிக்கும் ஓடிக்கும் பிஎஃப் கிடையாது. நம் சீட்டில் பேசிக்கும் டிஏவும் சேர்ந்த 11,200-க்கு 12 சதவீதம் போட்டு 1,344 பிடித்திருக்கிறார்கள். கணக்கு சரிதானே என்று தோன்றும். ஆனால் அந்த ஸ்பெஷல் அலவன்ஸ் யாருக்குத் தரப்படுகிறது என்று ஒரு கேள்வி இருக்கிறது. எல்லாத் தொழிலாளர்களுக்கும் பொதுவாகத் தரப்படும் படி பெயர் எதுவாக இருந்தாலும் அடிப்படை ஊதியத்தில் சேரும், அதற்கும் பிஎஃப் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதன்படி பார்த்தால் 11,200-உடன் 3,733-ஐயும் சேர்த்து 14,933-க்கு 12 சதவீதம், அதாவது 1,792 பிடித்திருக்க வேண்டும்.

“கூடுதலாகப் பிடித்தால் எனக்குத்தானே நஷ்டம்?” என்று கேட்பவர்கள் உண்டு. கைக்கு வருவது 448 குறையும், உண்மைதான். ஆனால் அந்த 448 அவர் பெயரிலேயே சேர்கிறது. கூடவே நிறுவனமும் இன்னொரு 448 போட்டாக வேண்டும். பேசிக்கைச் சிறிதாக்கிப் படிகளைப் பெரிதாக்குவதில் யாருக்கு மிச்சம் என்பது இதிலிருந்தே தெரியும். கட்டாயப் பிஎஃபுக்கு ஊதிய உச்சவரம்பு 15,000 என்பதால், அதற்கு மேல் பேசிக் வாங்குபவர்களுக்கு 1,800 ரூபாயோடு நிறுத்திக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு. அது சட்டத்துக்கு உட்பட்டதே.

இஎஸ்ஐயின் கதை வேறு. தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம். இந்த ஜூன் மாதச் சீட்டில் அது வீட்டு வாடகைப் படி, ஸ்பெஷல் அலவன்ஸ், ஓடி எல்லாம் சேர்ந்த 21,413-க்குக் கணக்கிடப்பட்டிருக்கிறது. 160 ரூபாய் 60 காசு வரும். இஎஸ்ஐயில் காசு இருந்தால் அடுத்த ரூபாய்க்கு உயர்த்திவிடுவது விதி. அதனால் 161. இங்கே ஒரு சந்தேகம் எழும். இஎஸ்ஐக்கு உச்சவரம்பு 21,000 ஆயிற்றே, இவர் 21,413 வாங்கியிருக்கிறாரே, பிடித்தது தப்பல்லவா? தப்பில்லை. ஒருவர் இஎஸ்ஐ வரம்புக்குள் வருகிறாரா என்று பார்க்கும்போது ஓடியைச் சேர்க்க மாட்டார்கள். அவருடைய ஊதியம் 20,800, எனவே உள்ளே இருக்கிறார். அப்போதைய விதிப்படி சந்தா கணக்கிடும்போது மட்டும் ஓடியையும் சேர்த்துக்கொண்டார்கள். அதே போல ஜூலையில் சம்பள உயர்வு வந்து 21,500 ஆனாலும் பிடித்தம் உடனே நிற்காது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. தொடங்கிய காலம் முடியும் வரை பிடிப்பார்கள், அதற்குரிய சலுகையும் தொடரும்.

161 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது என்று நினைத்து இஎஸ்ஐ அட்டையைப் பீரோவில் போட்டுவிடுகிறவர்கள் நிறைய. குடும்பத்துக்கும் சேர்த்து மருத்துவம் கிடைக்கிறது. போதிய நாள் சந்தா கட்டியிருந்தால், நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு ஊதியத்தில் 70 சதவீதம் வரை, ஆண்டுக்கு 91 நாள் பணமாகவும் கிடைக்கும். கைச்செலவில் தனியார் மருத்துவமனைக்குப் போவதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த அடிப்படைத் தொகைகளில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் ஊதியம் என்பதற்குப் பொதுவான ஒரே வரையறையைக் கொண்டுவந்தன. விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், மீறும் பகுதி ஊதியத்தோடு சேர்ந்துவிடும். ஆகவே அதற்குப் பிந்தைய சீட்டில் பிஎஃபோ இஎஸ்ஐயோ மாறியிருந்தால் பதற வேண்டாம். எந்தத் தொகையை அடிப்படையாக வைத்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தொழில் வரி நம் ஜூன் சீட்டில் இல்லை. தமிழ்நாட்டில் அது அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குக் கட்டும் வரி. அரையாண்டு வருமானம் என்பதைக் கவனிக்க வேண்டும். மாதம் 20,800 என்றால் ஆறு மாதத்துக்கு 1,24,800. சென்னை மாநகராட்சியில் அரையாண்டு வருமானம் 75,000-ஐத் தாண்டினால் வரி 1,250. அரசியல் சட்டம் அனுமதிக்கும் ஆண்டு உச்சமான 2,500-இல் அது சரிபாதி. மாதாமாதம் 208 என்று பிரித்துப் பிடிக்கும் நிறுவனங்களும் உண்டு, அரையாண்டு முடிவில் ஒரே முறையாக 1,250 பிடிக்கும் நிறுவனங்களும் உண்டு. இரண்டாவது வகையில் இருப்பவர்களுக்குத்தான் திடீரென்று ஒரு மாதம் சம்பளம் குறைந்ததுபோலத் தெரியும்.

கடைசியாகச் சொந்தப் பிடித்தங்கள். முன்பு வாங்கிய அட்வான்ஸுக்குத் தவணை 1,500, கேன்டீனுக்கு 450. பிஎஃப், இஎஸ்ஐயோடு கூட்டினால் மொத்தப் பிடித்தம் 3,455. கிராஸ் 21,413-இல் இதைக் கழித்தால் 17,958. வங்கியில் விழுந்த தொகையும் அதுதான்.

இப்போது வாசலில் நின்றவரின் கேள்விக்கு முழுப் பதில் சொல்லலாம். ஆர்டரில் இருந்த 23,493-இல் நிறுவனத்தின் பங்கு 2,693 கைக்கு வராதது. இரண்டு நாள் போகாததற்கு 1,387 குறைந்தது. ஓடியால் 2,000 கூடியது. பிடித்தம் 3,455. அந்தப் பிடித்தத்திலும் 1,344 அவருடைய சேமிப்பு, 1,500 அவர் முன்பே வாங்கிய பணம்.

நிறுவனத்தின் பங்கைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். சில சிறிய நிறுவனங்களின் சீட்டில் பிஎஃப் என்று இரண்டு வரிகள் பிடித்தப் பத்தியில் இருக்கும். ஒன்று தொழிலாளி பங்கு, இன்னொன்று முதலாளி பங்கு. பார்த்தவுடன் மோசடி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இடப்பக்க வருமானப் பத்தியைப் பாருங்கள். அங்கே முதலாளி பங்கையும் ஒரு வருமானமாகக் கூட்டிக் காட்டி, வலப்பக்கம் அதையே கழித்திருந்தால் கைக்கு வரும் தொகையில் மாற்றம் இராது. அங்கே கூட்டாமலேயே, பேசிய 20,800-இலிருந்து இரண்டு பங்கையும் கழித்திருந்தால் அது சட்டவிரோதம். முதலாளி தன் பங்கைத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடிக்கக் கூடாது என்று பிஎஃப் விதியும் சொல்கிறது, இஎஸ்ஐ சட்டமும் சொல்கிறது.

சீட்டில் பிடித்ததாக இருப்பது ஒன்று, உரிய இடத்தில் கட்டியது இன்னொன்று. சீட்டு முதலாவதை மட்டும்தான் சொல்லும். இரண்டாவதைப் பிஎஃப் பாஸ்புக்கில்தான் பார்க்க முடியும். ஒரு மாதத்தின் பிஎஃபை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் நிறுவனம் கட்ட வேண்டும். எனவே ஜூன் மாதப் பணம் ஜூலை கடைசிக்குள் பாஸ்புக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சீட்டில் இருக்கும் 12 இலக்க யுஏஎன் எண்ணும், அதோடு இணைத்த கைபேசியும் இருந்தால் போதும். உமங் செயலியில் பார்க்கலாம். பதிவு செய்த எண்ணிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தாலும் கடைசியாகக் கட்டிய தொகையும் இருப்பும் குறுஞ்செய்தியாக வரும். தமிழில் வேண்டுமானால் 7738299899-க்கு `EPFOHO UAN TAM` என்று அனுப்பலாம்.

பாஸ்புக்கைத் திறந்தவுடன் இன்னொரு குழப்பம் காத்திருக்கும். தொழிலாளி பங்கு 1,344 இருக்கும். முதலாளி பங்கு என்ற பத்தியில் 411 மட்டுமே இருக்கும். “அவங்க பாதிகூடக் கட்டலையே” என்று கோபம் வரும். பக்கத்துப் பத்தியில் பென்ஷன் என்று 933 இருப்பதையும் பாருங்கள். முதலாளியின் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. மீதிதான் பிஎஃபில் சேர்கிறது. 411-ஐயும் 933-ஐயும் கூட்டினால் அதே 1,344. அப்படி வராமல் மாதக்கணக்கில் எதுவுமே ஏறாமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். தொழிலாளியிடம் பிடித்த பிஎஃபைக் கட்டாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றம். ஈபிஎஃப்ஓவின் குறைதீர்ப்புத் தளமான EPFiGMS-இல் யுஏஎன் எண்ணோடு புகார் பதியலாம். அப்போது கையில் இருக்க வேண்டிய ஆதாரம், பிஎஃப் பிடித்ததாக நிறுவனமே எழுதிக் கொடுத்த அந்தச் சம்பளச் சீட்டு.

சம்பளச் சீட்டு தருவது முதலாளியின் சட்டக் கடமை. தாளாகவோ மின்னஞ்சலாகவோ தரலாம், தராமல் இருக்கக் கூடாது. இப்போது பல இடங்களில் அதை நிறுவனத்தின் தளத்தில்தான் ஏற்றி வைக்கிறார்கள். வேலையை விட்டு நின்ற அன்றே அந்தத் தளத்துக்குள் நுழையும் வழி மூடப்படலாம். ஆகவே ஒவ்வொரு மாதமும் சீட்டு வந்தவுடன் அதை இறக்கி, உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துவிடுங்கள்.